முப்பத்தோராயிரம் வரை

இரண்டாம் நாளே பச்சை எரிந்துவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அடிக்கும் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே பிரஸ் எந்திரம் இறங்கும்போதெல்லாம் மேலே டீ கிளாஸ் நடுங்கும். அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குச் செல்போனில் பாடம் நடத்தும் ஆப் அது. சுவரில் பெரிய டிவி ஒன்று இருந்தது. அதில் பாடம் ஓடாது, டெஸ்ட்தான் ஓடும். ஒரே பாடத்துக்கு இரண்டு தம்ப்நெயில் போடுவார்கள். வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கிற சின்னப் படம் இருக்கிறதே, அதுதான் தம்ப்நெயில். ஆப்பைத் திறக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஏ, மீதிப் பேருக்கு பி. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி கம்ப்யூட்டர் முடிவு செய்யும். எந்தப் படத்தை நூற்றுக்கு எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று டிவி காட்டும். இந்த வித்தியாசம் சும்மா தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே என்று கணக்கு சொன்னால் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும்.

பச்சை எரிந்தால் டெஸ்ட் முடிந்தது. அது அந்த அலுவலகத்தின் வழக்கம். அன்றைக்குத் தோற்ற படத்தின் மேல் பந்தயம் கட்டியவர்கள் ஜெயித்த படத்தின் மேல் கட்டியவர்களுக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டும். அதனால் காலையில் வந்ததிலிருந்து ஆளாளுக்கு டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கோயில் நடை எப்போது திறக்கும் என்று நிற்கிற மாதிரி.

அலெக்ஸ் மேசையைத் தட்டினான். தம்ப்நெயில் எல்லாம் அவன் கைவேலைதான். ஆவடிக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

"வந்துகிச்சு மாமே பச்சை. டீச்சர் மூஞ்சி அவுட்டு. யாரு யாரு ஏ கட்னது, துட்டு எடு."

டெஸ்ட்டுகளை ஓட்டிக் கணக்குப் பார்க்கிற ரெனிதா நிமிர்ந்து பார்த்தாள். சதவீதக் கணக்குப் பாடம். ஏ படத்தில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஜாஸ்லின் நிற்கிறாள், பாடம் நடத்துகிறவள் அவள்தான். பி படத்தில் ஜாஸ்லின் இல்லை. வெறும் பலகை, ஒரு கணக்கு, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஏ-யை நூற்றுக்கு ஐந்து பேர் தொட்டிருந்தார்கள். பி-யை ஆறு பேர்.

இதில் ரெனிதாவுக்கு என்ன வந்தது என்றால், இதுதான்: பி ஜெயித்தால் இனிமேல் பாடங்களில் முகம் வேண்டாம் என்று முதலாளி ஜெகதீஷ் போன வாரமே சொல்லியிருந்தார். பலகையும் பேனாவும் குரலும் போதும். குரலுக்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். கேமரா முன்னால் நிற்பதற்காக ஜாஸ்லினை வைத்திருந்தார்கள். கேமராவே இல்லையென்றால் ஜாஸ்லின் எதற்கு.

ஜாஸ்லின் எதற்கு என்று ரெனிதாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்த ஆபீஸில் அவளோடு சேர்ந்து சோறு தின்கிற ஒரே ஆள் ஜாஸ்லின். அந்த ஊரிலேயே அவள்தான் என்றும் சொல்லலாம். அம்மா தெரசா ஆவடியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் ரெனிதா. புள்ளியியல். அதை வைத்து என்ன பண்ணுவே என்று அண்ணன் கேட்ட ஒவ்வொரு தடவையும் இவள் சண்டை போட்டாள். ஒருநாள் சண்டை போட்டபடியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியேறினாள். வாரத்துக்கு ஒரு தடவை அம்மா போன் பண்ணுவாள். "சாப்டியா." "சாப்டேன்." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

ஜெகதீஷ் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். பெரிய ஐடி கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தவர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

"சூப்பர். பி போட்டுடு ரெனிதா. நான் அப்பவே சொன்னேன்ல, முகம் இருந்தா கவனம் செதறுது."

"இன்னும் முடியல சார்."

"பச்சை எரியுதேம்மா."

"எரியட்டும். ஒரு பக்கத்துக்கு நாலாயிரம் பேர்தான் பார்த்திருக்காங்க. இப்ப நிறுத்தக் கூடாது."

"நூத்துக்கு அஞ்சுதான தப்பாகும்? நீதான அந்த விளக்கையே செட் பண்ணே?"

"அது கடைசியில ஒரே ஒரு தடவை பார்க்கிறவங்களுக்கு. நீங்க மணிக்கு ஒரு தடவை பார்க்கறீங்க."

"எத்தனை தடவை பார்த்தா என்ன. பார்க்கறதால நம்பர் மாறிடுமா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருக்கிற முட்டாள்தனத்தின் மேல்தான் ரெனிதாவுக்கு அதிகம் கோபம் வரும். எழுந்து நின்றாள்.

"நம்பர் மாறாது சார், நிறுத்தற நேரம் மாறும். வாங்க, காசு சுண்டிப் போட்டு விளையாடலாம். தலை என்னுது. எப்ப நிறுத்தணும்னு நான் சொல்வேன். தலை நல்லா முன்னாடி போற நேரம் பார்த்து நிறுத்திப்பேன். பின்னாடி இருந்தா இன்னும் சுண்டுன்னு சொல்லிகினே இருப்பேன். நீங்க விளையாடுவீங்களா?"

"மாட்டேன்."

"அதைத்தான் நாம தெனமும் விளையாடறோம். பச்சை வரலேன்னா ஓட விடறோம், வந்தா நிறுத்தறோம். இப்படிப் பார்த்துகினே இருந்தா, ரெண்டு படத்துக்கும் வித்தியாசமே இல்லேன்னாலும் நூத்துக்கு முப்பது நாப்பது தடவை எங்கயாவது ஒரு எடத்துல பச்சை எரியும்."

"இது புக்குல கீற மேட்டரு," என்றான் அலெக்ஸ். "நம்ம ஆப்புல எப்டின்னு யாருக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும்."

ரெனிதா போன மாதம் ஒரு காரியம் செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பழைய பாடங்கள் ஐந்தை எடுத்து, ஏ-க்கும் பி-க்கும் ஒரே படத்தை ஏற்றியிருந்தாள். படத்தை ஏற்றுகிற வேலை அவளுடையது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. டிவியில் 'பி மஞ்சள்' என்கிற மாதிரி பெயர்களும் எண்களும்தான் தெரியும். அதை இப்போது போட்டு உடைத்தாள்.

"அஞ்சுல ரெண்டுல பச்சை எரிஞ்சுது. ஒரே படம். ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. அதுல ஒண்ணுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்? 'அந்த மஞ்சள் தூக்குது'ன்னு சொன்னீங்க. ஏ-லயும் அதே மஞ்சள்தான்."

யாரோ சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்கள். கீழே பிரஸ் இறங்கியது.

"அப்ப அன்னிக்கி நான் துன்ன பிரியாணி?" என்றான் அலெக்ஸ்.

"தண்டம்."

ஜெகதீஷின் காது சிவந்துவிட்டது. பதினைந்து பேர் முன்னால் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அது ரெனிதாவுக்கும் தெரிந்தது. மெதுவாக, தனியாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகச் சொல்லி யாராவது கேட்டு அவள் பார்த்ததில்லை.

"சரி," என்றார் அவர். "நீயே சொல்லு. எவ்ளோ பேர் பார்க்கணும்?"

"ஆயிரத்துக்கு அம்பது பேர் தொடற இடத்துல அம்பத்தஞ்சு பேர் தொட்டா, அது நமக்கு முக்கியமான வித்தியாசம். அதைப் பத்துல எட்டு தடவையாவது தவறாம புடிக்கணும்னா பக்கத்துக்கு முப்பத்தோராயிரம் பேர் வேணும். ஒரு ஆள் பத்து தடவை பார்த்தாலும் ஒரு ஆள்தான். ரெண்டு வாரம் ஆகும். அது வரைக்கும் யாரும் முடிவு சொல்லக் கூடாது. கடைசியில ஒரு தடவை பார்ப்போம். அப்ப நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ வந்தா அது நிஜம். வரலேன்னா ஜாஸ்லின் படம் அப்படியே இருக்கும்."

"வந்தா?"

"வந்தா பி."

"எல்லாருக்கும் மெயில் போட்டுடு. அப்புறம் நீயும் பேச்சு மாறக் கூடாது."

"நான் எதுக்கு மாறப் போறேன்."

மெயில் போட்டாள். டிவியை அணைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ரெக்கார்டிங் அறை விளக்குகளின் நடுவில், இது ஒன்றும் காதில் விழாமல் ஜாஸ்லின் கூட்டு வட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

*

மத்தியானம் மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். அங்கேதான் காற்று வரும். ஜாஸ்லின் கொரட்டூர்ப் பெண். அப்பா இல்லை, தம்பி கல்லூரியில் படிக்கிறான், வீட்டுக்கு இவள் சம்பளம்தான். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் டீச்சராக இருந்துவிட்டு இங்கே வந்தவள். கேமராவில் சுத்தமான தமிழ் பேசுவாள். கேமரா அணைந்தால் கொரட்டூர் வந்துவிடும்.

"இன்னாடி பெரிய சண்டையாமே," என்றாள். "அலெக்ஸ் சொன்னான். எனக்கோசரம் மொதலாளிய வாருவாரா வாரிட்டியாமே."

"உனக்கோசரம் ஒண்ணும் இல்ல. அது தப்பு, அதான் சொன்னேன்."

"சரிம்மா நாயம் தவறாத நாட்டாமை. முட்டை துன்னு."

ஜாஸ்லின் பாதி முட்டையை அவள் தட்டில் வைத்தாள். ரெனிதா சிரித்தாள். தப்பு, அதனால் சொன்னேன் என்பது முழுசாக உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தின மாதங்களில் எத்தனையோ பச்சைகள் எரிந்தன. எத்தனையோ படங்கள் ஒன்றுமில்லாத வித்தியாசத்தில் தோற்றுப் போயின. அப்போதெல்லாம் பொறுத்துப் பொறுத்து, ரகசியமாக ஐந்து பாடத்தில் ஒரே படத்தை ஏற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஜாஸ்லின் முகம் தோற்கப் போகிறது என்றவுடன்தான் வாய் திறந்தது. முப்பத்தோராயிரம் பேர் பார்த்து முடிப்பதற்குள் இந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்று நம்பினாள். முதல் சில ஆயிரத்தில் துள்ளுகிற எண்கள் பெரும்பாலும் அப்படித்தான் அடங்கும். பெரும்பாலும்.

முதல் வாரம் முடியும் முன்பே அது அடங்கிவிட்டது.

இரண்டு பக்கமும் ஆள் சரிபாதியாகப் பிரிகிறதா என்று தினம் பார்ப்பது அவள் வேலை. ஒரு பக்கம் ஆள் குறைந்தால் டெஸ்ட்டே பழுது என்று அர்த்தம். ஆள் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தையும் பார்த்துவிட்டாள். பக்கத்துக்குப் பதின்மூன்றாயிரம் பேர். ஏ ஐந்தே கால் இருக்கும், பி அதற்குக் கொஞ்சூண்டு மேலே. விளக்கு எப்போதோ சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. இவ்வளவு சின்ன வித்தியாசம் காற்றடித்தால் வரும்.

அன்றைக்குப் படியில் உட்கார்ந்ததும் ஜாஸ்லினிடம் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப ஒண்ணும் வித்தியாசம் இல்ல?"

"இப்போதைக்கு இல்ல."

ஜாஸ்லின் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "ராத்திரில்லாம் தூக்கமே இல்லடி. என் மூஞ்சி இல்லன்னா ஜனம் நெறைய வருதுன்னா அது இன்னாடி அர்த்தம். கருப்பா கீறேன்னா, இல்ல பல்லு தூக்கிகினு கீதுன்னா. கண்ணாடி பார்க்கவே கூசுது."

"டெஸ்ட் அதெல்லாம் சொல்லாது. எத்தனை பேர் தொட்டாங்கன்னுதான் சொல்லும். ஏன்னு அதுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் ஜாஸ்லின்.

*

சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஜெகதீஷ் அவள் மேசைப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் பார்த்திருக்கிறார். பார்க்கக் கூடாது என்று மெயில் போட்டால் மட்டும் கை சும்மா இருக்குமா.

"நீ சொன்னதுதான் சரி ரெனிதா," என்றார். அன்றைக்கு நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாத மாதிரி, கொஞ்சம் பெருந்தன்மையாகவே சொன்னார். "வித்தியாசம் ஒண்ணும் இல்ல. எதுக்கு இன்னும் ஒரு வாரம் வேஸ்ட் பண்ணணும். அறிவியல் பாடத்துக்கு புது டெஸ்ட் காத்திட்டு இருக்கு. இத நிறுத்திடு. ஜாஸ்லின் படமே இருக்கட்டும்."

ஜாஸ்லின் கண்ணாடிக் கதவைத் திறந்தபடி நின்றுவிட்டாள். ஒரு கை கைப்பிடியில் இருந்தது.

ரெனிதா ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பொய் சொல்ல வேண்டாம், எண்ணை மாற்ற வேண்டாம். "சரி சார்" என்றால் போதும். அவர் கேட்டார், இவள் நிறுத்தினாள். யாரும் தப்பு சொல்ல முடியாது. யாருக்கும் தப்பு என்று தெரியக்கூடத் தெரியாது. அந்த ஆபீஸில் அது தெரிந்த ஆள் அவள் ஒருத்தி.

இரண்டாம் நாள் அவர் தனக்குப் பிடித்த எண்ணைக் கண்டவுடன் நிறுத்தப் பார்த்தார். இப்போது இருப்பது ரெனிதாவுக்குப் பிடித்த எண். பதின்மூன்றாயிரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. தெரிகிற அளவுக்கு இன்னும் ஆள் வரவில்லை என்றுதான் ஆகும். தலை முன்னால் இருக்கும்போது நிறுத்துகிறவனும், சமமாக இருக்கும்போது நிறுத்துகிறவனும் ஒரே திருட்டைத்தான் செய்கிறார்கள்.

"சமமா இருக்கும்போது நிறுத்தறதும் அதே தப்புதான் சார்," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "முப்பத்தோராயிரம் வரைக்கும் ஓடணும்."

ஜெகதீஷ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உன் இஷ்டம். நீதான கேட்டே."

கண்ணாடிக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. ரெனிதா திரும்பவில்லை.

சாயங்காலம் பார்க்கிங்கில் ஜாஸ்லின் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ரெனிதா ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"ஜாஸ், கேளு. ஓடி முடிச்சாலும் பெரும்பாலும் ஒண்ணும் வராது. அப்ப அவங்க எப்பவுமே உன்னைத் தொட முடியாது. இன்னிக்கி நிறுத்தினா மறுபடி ஒருநாள் ஆரம்பிப்பாங்க."

"வந்துச்சுன்னா?"

ரெனிதா ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாம் நாளு அவரு நிறுத்துனா தப்பு. அவரே வந்து உன் ஃப்ரெண்ட வெச்சிக்கிறேன்னு சொல்லி நிறுத்தச் சொன்னா அதுவும் தப்பு." ஜாஸ்லின் ஹெல்மெட்டை மாட்டினாள். "நீ யாருக்குடி நல்லவ?"

"நான் நிறுத்தியிருந்தா அன்னிக்கி சொன்னதெல்லாம் சும்மா உனக்காகச் சொன்னதுன்னு ஆயிடும்."

"எனக்காகச் சொன்னா இன்னாடி கொறஞ்சு போச்சு?" என்றாள் ஜாஸ்லின். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

*

அடுத்த நாளிலிருந்து ஜாஸ்லின் ரெக்கார்டிங் அறைக்குள்ளேயே சாப்பிட்டாள். ரெனிதா இரண்டு நாள் படியில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். மேலே போகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் அவள் தட்டைத் தாண்டிக் கால் வைத்தார்கள். மூன்றாம் நாள் மேசையிலேயே, கம்ப்யூட்டர் முன்னால், எதையோ படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு தின்றாள்.

நல்லது செய்தால் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அவளுக்கு ஒரு பெருமையும் வரவில்லை. ஐயப்பன்தாங்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூட அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் தெரிந்தது. அறைக்கு வந்தால் டிப்போவில் பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். ஒருநாள் அவளே அம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

"இன்னா இந்நேரத்துல, ஒடம்பு சரியில்லயா?" என்றாள் தெரசா.

"நல்லாதான் இருக்கேன். சும்மா பண்ணேன்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்திருக்கலாம். ஆனால் எங்கேயிருந்து ஆரம்பிப்பது. ஒரு சின்னப் படத்தை ஆயிரத்தில் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதற்காக ஒரு சிநேகிதி பேசவில்லை என்றால், உனக்கு வேற வேலை இல்லையா என்பாள். அந்தப் பக்கம் அண்ணன் குழந்தை அழுதது. "வெக்கிறேன்" என்றாள் அம்மா.

அந்த வாரம் ரெனிதா ஆள் கணக்கை மட்டும் பார்த்தாள். பக்கத்துக் கட்டத்தின் மேல் ஒரு மஞ்சள் ஒட்டுக்காகிதத்தைத் திரையிலேயே ஒட்டி வைத்தாள். அலெக்ஸ் வந்து பார்த்தான்.

"இன்னா ரெனிதா, குதிரைக்குக் கட்டுன மாரி கட்டிகினு கீறே."

"கண்ணு போகுது அண்ணா."

அவன் போகவில்லை. மேசை விளிம்பில் சாய்ந்து நின்றான். "அந்த ஏ போட்டோ எடுத்த அன்னிக்கி டியூப்லைட் ஒண்ணு போயிட்ச்சு. டீச்சர் மூஞ்சில பாதி இருட்டு. திரும்ப எடுத்திருக்கணும். சோம்பேறித்தனம், விட்டுட்டேன்." தலையைச் சொறிந்தான். "அதுனால எதுனா ஆவுமா?"

"தெரியாது," என்றாள். உண்மையில் அவளுக்குத் தெரியாது.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணிக்கை தொட்டுவிட்டது. இரண்டு பக்கமும் சரியாகப் பிரிந்திருந்தது. ஒரு குறையும் இல்லை. ரெனிதா காகிதத்தைப் பிய்த்தாள்.

ஏ, ஐந்து. பி, ஐந்தரை.

கணக்கை விளக்கு போடுவதற்கு விடாமல் தானே போட்டாள். மறுபடி போட்டாள். படங்களுக்குள் நிஜமாகவே வித்தியாசம் இல்லையென்றால், இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வர ஆயிரத்துக்கு ஐந்து வாய்ப்புதான். அவள் சொன்ன கோடு நூற்றுக்கு ஐந்து. கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. முதல் நாள்களில் பி பெரிதாகத் துள்ளியது, நடுவில் படுத்தது, பிறகு மெல்ல மெல்ல ஏறி இங்கே நின்றுவிட்டது. ஆயிரம் பேருக்கு ஐந்து பேர். எந்த ஊரிலோ, எந்தப் பஸ்ஸிலோ உட்கார்ந்து செல்போனைத் திறந்த ஐந்து பேர், ஜாஸ்லின் முகம் இருந்தால் தொட்டிருக்க மாட்டார்கள், இல்லாததால் தொட்டார்கள்.

இது நிஜம் என்று அவளுக்கே அவள் சொல்லிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜெகதீஷின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"பி சார். நிஜமான வித்தியாசம்."

அவர் எழுந்தேவிட்டார். "பார்த்தியா. நான் ரெண்டாம் நாளே..."

"ரெண்டாம் நாள் உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீங்க ஊகிச்சீங்க, அது சரியா விழுந்துடுச்சு. அன்னிக்கி காட்டினது இதுல ரெண்டு மடங்கு. அதுவும் பொய்." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு. வித்தியாசம் ஆயிரத்துக்கு அஞ்சுன்னு வந்திருக்கு. நிஜத்துல ஒண்ணரையா இருக்கலாம், எட்டரையா இருக்கலாம். அதுக்கு மேல துல்லியமா சொல்ல முடியாது. அப்புறம் இது ஒரு பாடம். ஒரு போட்டோ. அதுலயும் லைட் சரியில்ல. இந்தப் படத்த விட அந்தப் படம் நல்லா இழுக்குது, அவ்வளவுதான் தெரியும். முகமே கூடாதுன்னு இது சொல்லல. உள்ள வந்தவங்க எவ்ளோ நேரம் இருந்தாங்கன்னும் சொல்லல. நல்ல வெளிச்சத்துல வேற போட்டோ எடுத்து இன்னொரு டெஸ்ட் போடணும்."

"இன்னும் ரெண்டு வாரமா?"

"ஆமா."

"ரெனிதா." அவர் குரல் தணிந்தது. அதுதான் மோசம். "நீ கேட்ட நம்பர் குடுத்தேன். நீ கேட்ட நாள் குடுத்தேன். நடுவுல நானே விட்டுடலாம்னு சொன்னேன், நீதான் ஒத்துக்கல. இப்ப உனக்குப் புடிக்காத பதில் வந்ததும் இன்னொரு டெஸ்ட்டுங்கறே. இதையேதான அன்னிக்கி என்னைச் சொன்னே?"

இல்லை, அது வேறு, இது வேறு. அவளால் விளக்க முடியும். புதுக் கேள்விக்குப் புது டெஸ்ட் போடுவதும், பழைய கேள்விக்குப் பிடித்த பதில் வரும்வரை சுண்டுவதும் ஒன்றில்லை. ஆனால் தான் எதற்காக அதைக் கேட்கிறோம் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏன்னு மட்டும் நீங்களா ஒரு காரணம் சொல்லிடாதீங்க சார்," என்றாள். "அது இதுல இல்ல."

"முகம் இல்லேன்னா பாடம் சீரியஸாத் தெரியுது, வேற என்ன," என்றார் ஜெகதீஷ்.

ஜாஸ்லினை அவரே கூப்பிட்டுப் பேசினார். குரல் மட்டும் கொடு, பாதிச் சம்பளம் என்றார். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். பூந்தமல்லியில் ஒரு கோச்சிங் சென்டரில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அங்கே பெஞ்சில் உட்காருகிற பிள்ளைகள் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றாளாம். அலெக்ஸ்தான் சொன்னான்.

அவள் பையோடு படி இறங்கும்போது ரெனிதா பின்னாலேயே போனாள். திருப்பத்தில் ஜாஸ்லின் நின்றாள்.

"நெஜந்தானா அது? கணக்கு தப்பு இல்லியே?"

"தப்பு இல்ல."

"நீ ரெண்டு தபா போட்டுப் பார்த்திருப்பே."

"பார்த்தேன்."

ஜாஸ்லின் தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியும், நீ சரியாத்தான் போட்டிருப்பே." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அதுக்காக உன்கூட ஒக்காந்து சோறு துன்ன முடியாதுடி."

கீழே பிரஸ் இறங்கியது. அந்தச் சத்தத்தில் அவள் செருப்புச் சத்தம் எது வரைக்கும் போனது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலை வந்தது. பழைய பாடங்கள் எல்லாவற்றிலும் படத்தை மாற்ற வேண்டும். படத்தை ஏற்றுகிற வேலை ரெனிதாவுடையது. தொண்ணூறுக்கு மேல் இருந்தன. அலெக்ஸ் எல்லாவற்றுக்கும் பலகையும் சிவப்பு வட்டமும் போட்டுக் கொடுத்திருந்தான். ஒவ்வொன்றாகத் திறந்து, பழையதை எடுத்து, புதியதை வைத்து, உறுதியா என்று கேட்கிற கட்டத்தில் ஆம் என்று அழுத்த வேண்டும். சராசரி. விகிதம். லாபம் நஷ்டம். ஜாஸ்லின் கை தூக்கியிருந்தாள், வாய் திறந்திருந்தாள், சிரித்தாள், ஒன்றில் கண் பாதி மூடியிருந்தது. ஆம், ஆம், ஆம்.

நேரமும் தூரமும் பாடத்தில் நிறுத்தினாள். அந்தப் படத்தில் இடது ஓரத்தில், சட்டத்துக்குள் தப்பி வந்துவிட்ட ஒரு கை இருந்தது. வெளிச்சத்தை முகத்தின் பக்கம் திருப்ப வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்திருக்கிற கை. விரலில் ரெனிதாவின் மோதிரம். அன்றைக்கு ஆள் இல்லை என்று இவளைப் பிடிக்கச் சொன்னார்கள். ஜாஸ்லின் அந்தப் பக்கம் பார்த்து, கேமராவைப் பார்க்காமல், யாரிடமோ ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தாள்.

அலெக்ஸ் தாண்டிப் போகும்போது கேட்டான். "எவ்ளோ முடிஞ்சுது?"

"பாதி," என்றாள் ரெனிதா. ஆம் என்று அழுத்தினாள்.